முறையும் வசையும்

எங்கள் பகுதியிலே திருமணம் ஒன்றிற்குச் சென்று திரும்புவோரிடம், சாப்பாடு எப்படி, நகை எவ்வளவு என்ற கேள்விகள் முடிந்தபின் கேட்கப்படும் மூன்றாவது கேள்வி, "யாரு யார வாங்கு வாங்குனு வாங்குனா?" என்பதாகும். மணவறையிலே மந்திரம் ஒருபுறம் நடக்க, மண்டபத்தின் இரு பக்கங்களிலும் அமர்ந்திருக்கும் மாமன் மகனும் அத்தை மகளும் ஒருவரையொருவர் வசைபாடுவதும், முந்நூறு பேர் அதைக் கேட்டுச் சிரிப்பதும் ஹாலிஎலையைச் சூழ்ந்த தோட்டங்களிலே வளர்ந்தவர்களுக்குப் புதுமையன்று. இந்த வசைப் பரிமாற்றத்தை மையமாகக் கொண்டு ஒரு சிறுகதை எழுத வேண்டுமென்ற எண்ணம் எனக்கு நெடுநாளாக இருந்தது. அதனை எழுதும்போது எழுந்த சிந்தனைகளே இக்கட்டுரையாகும். கதையின் மாந்தர் கற்பனையானவர்கள். அவர்கள் பேசும் பேச்சின் இலக்கணம் கற்பனையானதன்று.

முதலிலே, யார் யாரை வையலாம் என்பதைத் தெளிவாக்க வேண்டியுள்ளது. ஆங்கிலம் படித்த நண்பர்கள் 'கசின்' என்ற ஒரே சொல்லால் எல்லாரையும் குறித்துவிடுகின்றனர். அச்சொல்லை வைத்துக்கொண்டு இக்கதையை எழுதவே இயலாது. பெரியப்பா, சித்தப்பா, பெரியம்மா, சின்னம்மா ஆகியோரின் பிள்ளைகள் நமக்கு அண்ணன், தம்பி, அக்காள், தங்கை. அவர்களோடு பகிடி பேசினால் அது வரம்பு மீறலாகும். தாய்மாமன் பிள்ளைகளும் அத்தை பிள்ளைகளுமே 'முறை' உடையோர். மணம் முடிக்கத் தகுதியுடையோர் எவரோ அவரையே வையும் உரிமையும் நமக்கு உண்டு. மணத்தை அச்சாகக் கொண்டே திராவிட உறவுச் சொற்கள் சுழல்கின்றன என்று 1953ஆம் ஆண்டிலே லூயி துய்மோன் என்ற பிரெஞ்சு மானிடவியலாளர் விளக்கினார். அவர் தமிழ்நாட்டிலே பிறமலைக் கள்ளர் மத்தியில் வாழ்ந்து ஆராய்ந்தவர். சிங்கள மக்களின் உறவு முறையும் இவ்வகையினதே. அவர்களது 'மஸ்ஸினா', 'நேனா' ஆகிய சொற்கள் நமது மச்சானுக்கும் மச்சினிக்கும் உரிய இடத்திலேயே நிற்கின்றன. ஆகவே தோட்டத் திருமணத்திற்கு வரும் அயல் கிராமத்துச் சிங்கள நண்பர், சொல் விளங்காவிடினும் என்ன நடக்கின்றது என்பதை உடனே விளங்கிக்கொள்வார்.

ராட்கிளிப் பிரௌன் என்ற ஆங்கில மானிடவியலாளர் 1940இலே 'பகிடி உறவு' பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஒருவர் மற்றவரைக் கேலி செய்ய அனுமதிக்கப்படுகிறார்; சில வேளை கட்டாயப்படுத்தவும் படுகிறார்; மற்றவர் அதற்குக் கோபிக்கக்கூடாது என்பது அவர் தந்த வரையறை. நட்பும் பகையும் கலந்து நிற்கும் உறவுகளிலே, பகை வெடிக்காமல் பகிடி காக்கிறது என்பது அவரது விளக்கம். ஆப்பிரிக்கச் சமூகங்களை முன்வைத்துக் கூறப்பட்ட இக்கருத்து நமக்கும் பெரும்பாலும் பொருந்தும். ஆயின் எங்கள் மண்டபங்களிலே கோபிக்காமல் இருப்பது மட்டும் போதாது. பதில் சொல்லவும் வேண்டும். பதில் சொல்லாதவன் தோற்றவன் மட்டுமல்லன், உறவை மதியாதவனும் ஆவான். இந்த ஓர் அம்சமே மணவீட்டுப் பகிடியை, நாம் பல்கலைக்கழகத்திலே 'பகிடிவதை' என்று அழைக்கும் இழிசெயலிலிருந்து வேறுபடுத்துகின்றது. 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் பகிடிவதையைக் குற்றமாக்கியது. அங்கே வாய் திறக்கும் உரிமை ஒரு பக்கத்திற்கே உண்டு. 'பகிடி' என்ற நல்ல சொல்லை அந்தத் தொடரிலே சிறைவைத்தவர் யாரோ அறியேன். அவரை முறைப்பெண் ஒருத்தியிடம் ஒப்படைக்க வேண்டும்.

இனிக் கதைக்கு வருவோம். என் கதையிலே ஒரு மாமன் மகனும் ஓர் அத்தை மகளும் உள்ளனர். அவர்களுக்குப் பெயரிடவில்லை. முறைப்பெயரே அவர்களுக்குப் போதுமானது. அவளது தாய் அவனது தந்தையின் உடன்பிறந்தாள். அவனது தந்தை இறந்து பல ஆண்டுகளாகின்றன. அவன் கொழும்பு புறக்கோட்டையிலே ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறான். அவள் தாயோடு தோட்டத்து லயத்திலே வாழ்ந்து கொழுந்தெடுக்கிறாள். மணப்பெண்ணோ அவனுடைய சித்தப்பாவின் மகள். ஆகவே அவனுக்குத் தங்கை, அவளுக்கு மாமன் மகள். இருவரும் வராமலிருக்க முடியாத திருமணம்.

முன்னாளிலே இத்தகைய திருமணம் லயத்து வாசலிற் பந்தலிட்டே நடக்கும். பாயிலே நெருங்கி அமர்ந்திருப்போருக்கு முணுமுணுப்பும் கேட்கும். இன்று வசதி ஓரளவு உள்ளவர்கள் நகரத்து மண்டபத்தை எடுக்கின்றனர். மண்டபம் வசையின் வடிவத்தையே மாற்றிவிட்டது. பெண்கள் ஒருபுறம், ஆண்கள் மறுபுறம், நடுவிலே வீடியோக்காரருக்கு விடப்பட்ட பாதை, ஒலிபெருக்கியிலே நாதசுரம். இந்த இரைச்சலைக் கடந்து முப்பது அடி செல்லவேண்டிய வசை நீளமாக இருத்தல் ஆகாது. ஒரே மூச்சிலே சொல்லி முடியவேண்டும். கடைசிச் சொல்லிலே சிரிப்பு இருக்கவேண்டும். நேரமும் பார்க்கவேண்டும். திருமாங்கல்யத்தைத் தட்டிலே வைத்துச் சபையோரின் ஆசிக்காகச் சுற்றிக் கொண்டுவரும் வேளையிலே மேளம் தணிந்திருக்கும்; தட்டு கடைசி வரிசைவரை போய்த் திரும்பப் பத்து நிமிடமாவது ஆகும். பகிடிக்கு உரிய நேரம் இதுவே. என் கதையும் அந்தத் தட்டு மணவறையை விட்டுப் புறப்படும்போது தொடங்கி, அது மீண்டுவரும்போது முடிகின்றது.

இன்னொரு விதியும் உண்டு. வைபவர் வையப்படுபவரை நேரே விளித்து வைவதில்லை. பக்கத்திலிருக்கும் ஒரு குழந்தையையோ கிழவரையோ விளித்து, எதிர்ப்பக்கத்துக்குக் கேட்கும்படி சொல்வதே மரபு. இதனைச் 'சாடை' என்பர். சாடையாகச் சொல்லப்பட்டது தன்னையல்ல என்று கேட்பவர் பாவனை செய்யலாம்; சொன்னவரும் 'நான் பொதுவாகச் சொன்னேன்' என்று ஒதுங்கலாம். இருவருக்கும் பின்வாங்க ஒரு வாசல் திறந்தே இருக்கின்றது. இந்த வாசலின் பெறுமதி கதையின் நடுவிலேதான் விளங்கும்.

சந்தனக் கிண்ணத்தோடு வரும் சிறுவனிடம் அவள் தொடங்குகிறாள்.

"டேய் தம்பி, அந்தா நிக்கிறாரே கொழும்புத் தொர, அவருக்குச் சந்தனம் குடுக்காத. தலையப் பாத்தியா? கவ்வாத்து வெட்டின மல. கொழுந்து வர இன்னும் மூணு மாசம் இருக்கு."

கவ்வாத்து என்பது தேயிலைச் செடியைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தட்டையாக வெட்டிவிடுதல். தளிர் வந்து மீண்டும் கொழுந்து கிள்ள ஏறத்தாழ மூன்று மாதம் செல்லும். பட்டணத்து நாகரிகத்திலே ஒட்ட வெட்டிய அவனது தலைக்கு இதைவிடப் பொருத்தமான உவமை தோட்டத்திலே கிடையாது. அவன் அருகிலிருக்கும் கிழவரிடம் திரும்புகிறான்.

"தாத்தா, வெட்டின மலையில தளிராவது வரும். அந்தப் பக்கம் ஒரு மல கவ்வாத்தே காணாம வளந்து நிக்குது. கொழுந்தெடுக்க ஏணி வேணும்."

அவள் உயரமானவள். வெட்டாது விட்ட தேயிலை மரமாகிவிடும் என்பதைத் தோட்டத்தார் அனைவரும் அறிவர். இங்கே அவன் தன் பங்கைச் சரியாகச் செய்திருக்கிறான். அவள் வீசிய பொருளையே அவன் திருப்பி வீசியிருக்கிறான். புதிதாக ஒன்றைத் தூக்கி எறிவது திறமையன்று. பந்தை அதே கையால் திருப்ப வேண்டும்.

"ஏணி வச்சா ஏறுறதுக்கு ஆளு வேணும்ல? அரப்பேரு ஆளுக்கு ஏணி எதுக்கு?"

நாளின் வேலையை முழுமையாக முடிக்காதவருக்குச் செக்ரோலிலே போடப்படுவது அரைப்பேர், கூலியும் பாதி. ஓர் ஆண்மகனை அரைப்பேர் என்பது தோட்டத்திலே சிறிய வசையன்று. ஆயினும் அவனது அத்தைமார் உரக்கச் சிரிக்கின்றனர். இச்சிரிப்பை நாம் கவனிக்கவேண்டும். வசை வரம்புக்குள் உள்ளதா என்பதை அறியச் சொற்களைப் பார்த்துப் பயனில்லை. வையப்பட்டவனின் சொந்தக்காரப் பெண்கள் சிரிக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். அவர்கள் சிரிக்கும்வரை எதுவும் பிழையில்லை.

"அரப்பேருன்னாலும் நிறுவையில நேரா நிப்போம் தாத்தா. அங்க கழுத்துல மின்னுறது பூரா மழையில நனஞ்ச கொழுந்து. தண்ணி கழிச்சா ரெண்டு கிலோ தேறாது."

நனைந்த கொழுந்தை நிறுக்கும்போது தண்ணீருக்கென்று சில கிலோ கழிப்பது வழக்கம். அந்தக் கழிவு பற்றிய தகராறு நிறுவைக் கொட்டகையிலே ஓயாதது. அவளது கவரிங் நகையையும் தோட்டத்து நிறுவையையும் ஒரே வாக்கியத்திலே கட்டியதால் மண்டபம் அதிர்கின்றது. தட்டு பாதி வழி வந்துவிட்டது.

இதுவரை வந்தவை எவையும் யாருக்கும் காயம் செய்யாதவை. தலைமுடி, உயரம், சோம்பல், பகட்டு ஆகியன எவருக்கும் பொதுவான பொருள்கள். பகிடியிலே தொடக்கூடாத பொருள்களும் உண்டு. பிள்ளையில்லாமை, வீட்டிலே நிகழ்ந்த சாவு, கடன், சாதி ஆகியவற்றை எவரும் தொடுவதில்லை. 'கள்ளத்தோணி' என்ற சொல்லையும் இந்தப் பட்டியலிலே சேர்க்கவேண்டும். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் எங்கள் முன்னோரை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் மாமன் குடும்பத்தை இந்தியாவுக்கும் அத்தை குடும்பத்தை இங்குமாகப் பிரித்தது. பிறர் எங்களை நோக்கி எறிந்த அச்சொல்லை முறைக்காரன்கூட எடுத்து எறிவதில்லை. அது வெளியாரின் கல். வீட்டுக் கல் அன்று.

இவற்றுள் சாவு என்னும் பொருளைத்தான் என் கதையிலே அவள் தொடுகிறாள்.

"கழிக்கிற கணக்கு அவருக்கு நல்லா வரும்டா தம்பி. புறக்கோட்டையில நாள் பூரா முழம் போட்டுத் துணி அளக்கிற கையி. சொந்தத்துக்கு ஒரு முழம் அளக்கத்தான் கை நீளல."

மணமகன் வீட்டார் சிரிக்கின்றனர்; அவர்களுக்கு இது துணிக்கடைக்காரனின் கஞ்சத்தனத்தைப் பற்றிய பகிடி. அவனுடைய அத்தைமார் சிரிக்கவில்லை. ஒருத்தி தன் முந்தானையைச் சரிசெய்கிறாள். மற்றொருத்தி தட்டு எங்கே வருகின்றது என்று எட்டிப்பார்க்கிறாள்.

காரணம் இது. கணவனை இழந்த பெண்ணுக்கு அவளது பிறந்த வீட்டார் கோடிச்சேலை கொண்டுவந்து போடுதல் எங்கள் குடும்பங்கள் பலவற்றிலே தவறாத கடமை. உடன்பிறந்தான் அதைக் கொண்டுவர வேண்டும். அவன் இல்லையெனில் அவன் மகன் கொண்டுவர வேண்டும். அச்சேலையின் விலை பற்றி எவரும் பேசுவதில்லை. 'தாலி போனாலும் உனக்குப் பிறந்த வீடு இருக்கின்றது' என்பதை ஊர் முன்னிலையிலே அறிவிக்கும் துணி அது. கதையிலே அவளது தந்தை 2022ஆம் ஆண்டு ஜூன் மாத இறுதியிலே இறக்கிறார். அந்நாட்களை நாம் மறந்திருக்க மாட்டோம். ஜூன் 28 முதல் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்று அரசு அறிவித்திருந்தது. பஸ் இல்லை, கடைகள் பூட்டு, சம்பளமும் இல்லை. மாமன் மகன் வரவில்லை. கோடியும் வரவில்லை. தூரத்து உறவினர் ஒருவர் தாம் கொண்டுவந்த துணியைப் போட்டுச் சடங்கை முடித்தனர். அதன்பின் மூன்று ஆண்டுகளாக இரு வீட்டாரும் அதைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை.

ஏன் பேசவில்லை என்பதை நாம் விளங்கிக்கொள்ள வேண்டும். அவளது தாய் கேட்க முடியாது. அத்தைக்கும் மருமகனுக்கும் இடையிலுள்ள உறவு மரியாதைக்குரியது, பகிடிக்குரியதன்று. கோடி வரவில்லையே என்று கேட்பது துணிக்குப் பிச்சை கேட்பதாகிவிடும். அவன் தானாக வந்து விளக்கமளிக்கவும் முடியாது. சாவு வீட்டுக்கு வராததற்குக் காரணம் சொல்வது இன்னொரு அவமரியாதை. நேரான சொல்லுக்கு எல்லா வழியும் அடைபட்டிருக்கின்றது. திறந்திருப்பது முறைப்பெண்ணின் வாய் ஒன்றே. கோபமாகக் கேட்க முடியாததை வசையாகக் கேட்கும் உரிமை அவளுக்கு மாத்திரமே உண்டு. அந்த உரிமையும் லயத்து வாசலிலே தனியாகச் சந்திக்கும்போது இல்லை; முந்நூறு பேர் கேட்கும் மண்டபத்திலேதான் உண்டு.

தொல்காப்பியச் செய்யுளியல் அங்கதத்தை இருவகையாகப் பகுக்கின்றது. வெளிப்படையாக வைவது செம்பொருள்; பழியை மறைத்து வைவது கரந்தது. இந்தப் பகுப்பைப் பரீட்சைக்காகப் படித்தபோது இரண்டும் இரு வேறு செய்யுள் வகைகள் என்றே நான் எண்ணியிருந்தேன். அவளது வாக்கியத்தை எழுதியபின் வேறொன்று தோன்றிற்று. ஒரே சொல் மண்டபத்தின் ஒரு பாதிக்குச் செம்பொருளாகவும் மறு பாதிக்குக் கரந்ததாகவும் நிற்கலாம். 'துணி அளக்கும் கை' என்பதிலே மணமகன் வீட்டார் கஞ்சனைக் காண்கின்றனர். அத்தைமார் கோடியைக் காண்கின்றனர். மறைவு சொல்லிலே இல்லை. கேட்பவரின் நினைவிலே இருக்கின்றது. பள்ளு நூல்களிலே மூத்த பள்ளியும் இளைய பள்ளியும் ஏசிக்கொள்வது நாம் நன்கறிந்ததே. முக்கூடற் பள்ளிலே ஒருத்தி மற்றவளின் தெய்வத்தையே இழுத்து வைகிறாள். பின்னர் இருவரும் சமாதானமாகின்றனர். அங்கே கேட்போர் அனைவருக்கும் கதை தெரியும். எனவே மறைப்பதற்கு ஒன்றுமில்லை. மண்டபத்து வசைக்கோ, தெரிந்தவரும் தெரியாதவரும் அருகருகே இருப்பதுதான் உயிர்.

இப்பொழுது அவனுடைய முறை. கதையின் கடினமான இடம் இதுவே. அவனுக்கு முன்னே உள்ள வழிகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தேன். எரிபொருள் இல்லாமையைச் சொல்லலாம், அது உண்மையும்கூட. ஆனால் சொன்ன கணமே பகிடி செத்துவிடும். தெரியாதவர்களுக்கும் அந்தச் சாவு தெரிந்துவிடும். பின்வரிசையிலே தூணோரம் ஒதுங்கி அமர்ந்திருக்கும் விதவைத் தாயை நோக்கி முந்நூறு தலைகள் திரும்பும். கோபித்து வெளியேறலாம், அது குற்றத்தை ஒப்புக்கொள்வதோடு தங்கையின் திருமணத்தையும் குலைக்கும். பேசாமல் நிற்கலாம். முன்னரே கூறியதுபோல, பேசாமை இங்கே உறவை முறிப்பதாகும். அல்லது தொடக்கூடாத வேறொன்றைத் தொட்டு அவளைத் திருப்பிக் காயப்படுத்தலாம். உண்மையான சண்டைகள் பெரும்பாலும் இந்தக் கடைசி வழியிலேயே தொடங்குகின்றன. மணவீட்டுப் பகிடி கைகலப்பிலே முடிந்த நிகழ்ச்சிகளை விசாரித்தால், சாராயத்தைப் பலர் குறை கூறுவர். சாராயம் உள்ளதுதான். ஆனால் ஒருவன் கரந்த வசைக்குச் செம்பொருளிலே பதில் சொன்ன இடத்திலேதான் நாற்காலி தூக்கப்பட்டிருக்கும்.

எஞ்சிய வழி ஒன்று. அவள் தந்த அதே துணியையும் முழத்தையும் எடுத்துக்கொண்டு அவன் தன்னையே வைதுகொள்ள வேண்டும்.

"நீளாத கைதான் தாத்தா. அளந்து வெட்டினது மூணு வருசமாப் பெட்டியில மடிச்சது மடிச்சபடி கெடக்கு. கொண்டாந்து குடுக்க ஒரு மூஞ்சி வேணும்ல? அத எந்தக் கடையில முழம் போட்டு விக்கிறாங்க?"

மணமகன் வீட்டார் மீண்டும் சிரிக்கின்றனர். வாங்கிய துணியைக் கொடுக்க மனமில்லாத கஞ்சன் என்று அவர்கள் விளங்கிக்கொள்கின்றனர். மற்றவர்களுக்கோ மூன்று செய்திகள் கிடைத்துவிடுகின்றன: அவன் மறக்கவில்லை, துணி வாங்கப்பட்டது, வராமலிருந்தது அலட்சியத்தாலன்று, வெட்கத்தால். ஒரு மன்னிப்புக் கடிதத்திலே இவற்றை எழுத இரண்டு பக்கம் வேண்டும். எழுதினாலும் எவரும் நம்பமாட்டார்கள். ஊர் முன்னிலையிலே தன் முகத்தையே பகிடிக்குக் கொடுத்தபடியால் நம்புகின்றனர்.

அவளுடைய இறுதிப் பதிலை நான் பலமுறை மாற்றினேன். அவள் உடனே இரங்கிவிட்டால் அது அவளாகாது. முறைப்பெண் இரக்கத்தையும் வசையாகவே சொல்லவேண்டும்.

"மூஞ்சி இல்லாட்டிப் போகுது. காலு இருக்குல்ல?"

இவ்விடத்திலே அவள் சிறுவனை விளிக்கவில்லை. கதை முழுவதிலும் அவனை நேராகப் பார்த்து அவள் பேசும் வாக்கியம் இது ஒன்றே.

இக்கதையைப் படித்த விடுதி நண்பர் ஒருவர் இரு கேள்விகள் எழுப்பினார். உரையாடலை இவ்வளவு கொச்சையாக எழுதவேண்டுமா என்பது முதலாவது. இது பழைய வழக்கு. 1960களின் தொடக்கத்திலே, பேச்சுமொழியை இலக்கியத்திலே கையாண்டவர்களை மரபுவாதிகள் 'இழிசனர்' என்ற சொல்லாலே தாக்கியபோது தீர்க்கப்பட்ட வழக்கு. எங்கள் ஹாலிஎலைக்கு அருகிலுள்ள ஊவாக்கட்டவளைத் தோட்டத்திலே 1934இல் பிறந்த தெளிவத்தை ஜோசப், 2022இல் மறையும்வரை, தோட்டத்துப் பேச்சை அச்சிலே நிமிர்ந்து நிற்கச் செய்தவர். அவருக்குப்பின் நான் இதற்குச் சமாதானம் கூற வேண்டியதில்லை. மேலும் 'அரப்பேரு' என்பதை 'அரைநாட் கூலியாள்' என்று திருத்தினால் வசை போய்விடும். விளக்கம் மாத்திரமே மிஞ்சும். ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். கவ்வாத்து, அரைப்பேர், தண்ணீர்க் கழிவு ஆகியவற்றை அறியாத வாசகருக்காகக் கதைக்குள்ளே குறிப்பு எழுத நான் உடன்படவில்லை. குறிப்புகளை இக்கட்டுரையிலே எழுதியது அதற்காகவே.

இரண்டாவது கேள்வி, அவர்கள் மணமுடித்தார்களா என்பது. முறை இருப்பதால் மணம் நிகழ வேண்டும் என்பதில்லை. இன்று எங்கள் பகுதியிலே சொந்தத்திற்குள் மணம் முடிக்கத் தயங்குவோர் பலர். பிறக்கும் பிள்ளைக்கு நோய் வரலாம் என்று மருத்துவர்கள் கூறுவதை வீட்டாரும் அறிவர். மாமன் மகனை வாய்கொண்டமட்டும் வைதுவிட்டு, அடுத்த ஆண்டு வேறு ஒருவனுக்குக் கழுத்தை நீட்டும் பெண்களே இப்போது அதிகம். மண உரிமை குறைந்தும் வசை உரிமை குறையவில்லை. இது எனக்கு வியப்பளிக்கின்றது. எனவே நண்பரின் கேள்விக்குக் கதையிலே விடை வைக்கவில்லை.

வைத்தது வேறொன்று. தட்டு கடைசி வரிசைக்கு வருகின்றது. விதவை என்பதால் தொடத் தயங்கி, அத்தை கையைப் பின்னே இழுத்துக்கொள்கிறாள். தட்டை ஏந்தி வருபவனிடமிருந்து அதை வாங்கி அவளிடம் நீட்ட மாமன் மகன் ஆண்கள் பக்கத்திலிருந்து பாதையைக் கடந்து வருகிறான். வீடியோக்காரர் அவனை விலகச் சொல்கிறார். அவன் விலகவில்லை. அத்தை இரு விரலால் மாங்கல்யத்தைத் தொட்டு ஒற்றிக்கொள்கிறாள். அவள் துணியைப் பற்றி ஒரு சொல்லும் கேட்கவில்லை. காலம் கடந்த கோடிக்குச் சடங்கிலே இடமில்லை. இனி அவன் கொண்டுவந்தாலும் அது வெறும் சேலையே. அது அவளுக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

"சாப்பிட்டுட்டு ஒடனே ஓடிராத மருமகனே," என்கிறாள். "லயத்துக்கு ஏறிப் போக ஒரு மணி நேரம் செல்லும். இருட்டுறதுக்குள்ள போகணும்."

தட்டு மணவறைக்குத் திரும்புகின்றது. கெட்டிமேளம் தொடங்குவதால் அவன் சொன்ன பதில் எவருக்கும் கேட்கவில்லை.